விஷு வருஷத்துக் கணக்கு

கீழச்சிவல்பட்டிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீடுகளைப் பார்க்கிறார்கள். முகப்புத் திண்ணை, பர்மாத் தேக்குத் தூண்கள், வழவழப்பான சுவர்ப் பூச்சு, வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். படம் எடுத்துக்கொண்டு, இளையாற்றங்குடிக் கோயிலுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வீடுகளைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. அந்த வீடுகளில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போயிற்று, உலையில் எவ்வளவு அரிசி போட்டார்கள், எண்ணெய் என்ன விலை, ரங்கோனிலிருந்து பணம் வரத் தாமதமானால் வீட்டை எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

நான் வரலாறு படித்தவன் இல்லை. வேலைக்காலம் முழுக்கக் கோப்பு எழுதிவிட்டு ஓய்வுபெற்ற எழுத்தர். என் தாத்தா இந்த ஊரில் ஒரு வீட்டுக்குக் கணக்கு எழுதியவர். ஆகவே பழைய ஊரைத் தேடிப் போனபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது கணக்கேடுதான். ஊர் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதப்போகும் இந்தத் தொடரின் முதல் கட்டுரையில், அந்த ஏட்டை எப்படி வாசிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் வாசகர்கள் அவரவர் வீட்டுத் தாளை அவரவரே வாசித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்குப் புலவர் இருந்திருக்கிறார். பாடுவார் முத்தப்பர் இந்த மண்ணின் பெருமை. பழமொழிகளைச் செய்யுளில் பதித்து அவர் செய்த செயங்கொண்டார் சதகம் இன்றும் கிடைக்கிறது. ஆனால் புலவர்கள் எண்ணெய் விலையைப் பாடுவதில்லை. அதை எழுதி வைத்தவர்கள் கணக்குப்பிள்ளைகளும், கடல் கடந்து போன கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களும்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கையெழுத்து மட்டும் பரணில் இருக்கிறது.

செட்டிநாட்டில் இவ்வளவு காகிதம் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்கள் கொண்டுவிக்கப் போனார்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று கடை வைத்தார்கள். கடைக்கு ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன், சமையலுக்கு ஓர் ஆள். ஏஜெண்டு போனால் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறுவார். குடும்பம் ஊரிலேயே இருக்கும். முதலாளி ஓர் ஊரில், பணம் ஒரு தேசத்தில், பெண்டு பிள்ளைகள் இங்கே. நம்பிக்கைக்கு எழுத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே அங்கே நடந்தது இங்கே வந்தது, இங்கே செலவானது அங்கே போனது, எல்லாம் தாளில்.

ஊருக்குள்ளேயும் எழுத்துக்கு வேலை இருந்தது. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் கொஞ்ச காலத்தில் 'வேறு வைப்பார்கள்'. ஒரே வீடுதான், ஒரே வளவுதான்; ஆனால் புது ஜோடிக்குத் தனி அறை, தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று தகப்பனார் அளந்து கொடுப்பார். அதற்குள் குடும்பம் நடத்திப் பழக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கூட்டுக் குடும்பம். கணக்கில் பார்த்தால் ஒரே கூரையின் கீழ் நாலைந்து தனிக் குடும்பங்கள். கோயில் வரியும் அப்படியே: கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. எந்த வருஷம் ஊரில் எத்தனை புள்ளி என்ற ஏடு கிடைத்தால், ஊர் எப்போது வளர்ந்தது, எப்போது வற்றத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். மக்கள்தொகைக் கணக்கைவிட இது நெருக்கமான கணக்கு என்பது என் எண்ணம்.

இப்போது ஏட்டைத் திறப்போம். தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'சிவமயம்'. அதற்குப் பிறகு வரும் வரிகளைப் பார்த்ததும் இன்றைய பிள்ளைகள் மூடி வைத்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. விளக்கத்துக்காக நானே ஒரு வரி எழுதிக் காட்டுகிறேன், விலை உதாரணத்துக்குத்தான்.

விஷு ௵ ஐப்பசி ௴ ௰௪ ௳ நல்லெண்ணெய் வீசை ௫க்கு ௹ ௩ அணா ௨

௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௹ ரூபாய். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று தனித்தனி அடையாளங்கள் உண்டு. அவசரத்தில் எழுதிய கையெழுத்தில் இவை வெறும் வளைவுகளாகத் தெரியும். ஒரு பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் வளைவைப் பிடித்துக்கொண்டால் போதும். வரியின் தொடக்கத்தில் மூன்று வளைவுகள் வரிசையாக வந்தால் அவை வருஷம், மாதம், தேதிதான்.

அடுத்தது எண். ௰ என்பது பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பத்துக்கு முன்னால் வரும் இலக்கம் பெருக்கும், பின்னால் வருவது கூட்டும். ௰௨ என்றால் பன்னிரண்டு. ௨௰ என்றால் இருபது. இந்த இடத்தில் தவறினால் கணக்கு முழுவதும் தவறும். இன்னொரு சிக்கல், இலக்கங்கள் எழுத்துகளைப் போலவே இருப்பது. ௧ ககரம்போல, ௭ எகரம்போல, ௮ அகரம்போல. கடைகளுக்கெல்லாம் தலையெழுத்துகளால் ஆன விலாசம் உண்டு. ஒரு தாளில் 'அ' என்று வந்தால் அது எட்டா, யாருடைய விலாசமா? பக்கத்தில் ரூபாய் அடையாளமோ அளவையோ இருந்தால் எட்டு. ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ இருந்தால் விலாசம். இரண்டும் இல்லையென்றால் கூட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தின் அடியில் கணக்குப்பிள்ளை போட்ட கூட்டுத்தொகை இருக்கும். நாம் வாசித்தது சரியென்றால் நம் கூட்டலும் அவர் கூட்டலும் ஒன்றாக வரும். இறந்துபோன ஒரு மனிதர் நம் வாசிப்பைத் திருத்திக் கொடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

நம் வரியைக் கூட்டிப் பார்ப்போம். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. மூன்று ரூபாய் இரண்டு அணா என்றால் ஐம்பது அணா. ஐந்து வீசைக்கு ஐம்பது அணா, ஆக வீசை பத்து அணா. எங்கள் பக்கத்து வீசை ஏறக்குறைய 1.4 கிலோ. ஆகவே ஏழு கிலோ எண்ணெய். ஒரு சின்னக் குடும்பம் ஒரே தடவையில் வாங்குகிற அளவு இது இல்லை. தீபாவளியை ஒட்டி வாங்கியிருப்பார்களோ, வீட்டில் ஏதாவது விசேஷமோ என்று அடுத்த கேள்வி தானாக வருகிறது. அடுத்தடுத்த வரிகளில் வெல்லமும் பச்சரிசியும் வந்தால் பலகாரம் என்று பதில் கிடைத்துவிடும்.

அந்த வீசையிலும் ஒரு பொறி இருக்கிறது. ரங்கோன் கடையிலிருந்து வந்த தாளில் வீசை என்று இருந்தால் அது பர்மா வீசை, 1.6 கிலோவுக்குச் சற்று மேல். ஊர்க் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கும் வீடுகளில் எது எந்த ஊர்த் தாள் என்று தெரியாமல் அளவுகளை ஒப்பிடக் கூடாது. மலாயாத் தாளில் 'வெள்ளி' என்று இருக்கும். அது அங்கத்து டாலர். 1927க்குப் பிறகு ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாயும் சற்று மேலும் என்று வைத்துக் கணக்கிடலாம்.

எல்லாவற்றிலும் கடினம், அந்த விஷு எந்த விஷு என்பது. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1881இல் தொடங்கியதும் விஷு, 1941இல் தொடங்கியதும் விஷு, 2001இல் தொடங்கியதும் விஷு. அணா என்று இருப்பதால் 2001 கழிந்துபோகிறது. 1957 ஏப்ரல் முதல் தேதியோடு அணா போய் நயா பைசா வந்துவிட்டது. மீதி இரண்டில் எது?

இங்கேதான் எங்கள் ஊரின் முகவரி கைகொடுக்கிறது. கீழச்சிவல்பட்டி இருக்கும் இடம் மாறவில்லை. அது சேர்ந்த ஜில்லா மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை திருப்பத்தூர் தாலுகா மதுரை ஜில்லாவில் இருந்தது. 1985இல் இராமநாதபுரத்தைப் பிரித்த பிறகுதான் இன்றைய சிவகங்கை மாவட்டம். ஆகவே அதே கட்டில் இருக்கும் ஒரு பத்திரமோ கடித உறையோ 'மதுரை ஜில்லா' என்று சொன்னால் 1881 பக்கம் சாயலாம். 'இராமநாதபுரம் ஜில்லா' என்றால் 1941. முத்திரைத்தாள் இருந்தால் இன்னும் எளிது. விக்டோரியா ராணி தலை என்றால் 1901க்கு முந்தையது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். ஆறாம் ஜார்ஜ் தலை என்றால் 1936இன் கடைசிக்குப் பிந்தையது. ஆனாலும் பழைய முத்திரைத்தாள் சில காலம் புழக்கத்தில் இருந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

ரங்கோன் கடித உறைக்கு வேறொரு சாட்சி உண்டு. பர்மா 1937 ஏப்ரல் முதல் தேதிவரை இந்தியாவின் பகுதி. அதுவரை ரங்கோனில் ஒட்டியதும் இந்தியத் தபால்தலைதான். பிரிந்த பிறகு அதே இந்தியத் தலைகளின் மேல் பர்மா என்ற பெயரை அச்சடித்து விற்றார்கள். 1938இல் பர்மாவுக்குச் சொந்தத் தலை வந்தது. முத்திரை அழிந்து தேதி தெரியாத உறையையும் இப்படி ஓரிரண்டு வருஷத்துக்குள் நிறுத்திவிடலாம். உறையைக் கிழித்துத் தபால்தலையை மட்டும் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் அந்தச் சாட்சியைத் தெரியாமல் தொலைத்துவிட்டார்கள். தபால்தலை ஆல்பம் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு வருஷத்தைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். 1941 விஷுவைப் பொறுத்தவரை எல்லாமே அதில் இருக்கிறது. அந்த மார்கழியில், 1941 டிசம்பர் 23ஆம் தேதி, ஜப்பானிய விமானங்கள் ரங்கோனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள். ஆகவே விஷு ஐப்பசியில் எண்ணெய் வாங்கிய வீடு, இரண்டு மாதத்தில் தன் வரவு முழுவதும் நிற்கப்போவதை அறியாமல் வாங்கிய வீடு. பங்குனிக்குப் பிறகு அடுத்த சித்திரபானு வருஷப் பக்கங்களில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. எண்ணெய் அளவு குறைந்ததா, வேலையாள் சம்பளம் நின்றதா, நகையின் பெயர் வரவுப் பக்கத்தில் வந்ததா?

பணம் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்பதற்கும் முந்தைய பத்து வருஷத்தில் விடை உண்டு. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் இருக்கும் என்று அன்றைய பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதே சமயம் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. விவசாயியால் கடன் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காகிவிட்டது. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது வயல். வயலைக் கப்பலில் ஏற்ற முடியாது. அந்த மண்ணின் விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நஷ்டத்தை மட்டும் எழுதினால் கணக்கு பாதிதான். சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியபோது ஏடுகளில் மட்டும் அந்த வயல்கள் மிஞ்சின.

காகிதம் சொல்லாததை மனிதர்கள் சொல்வார்கள். ஆனால் கேட்கும் விதம் வேண்டும். "ஆச்சி, எந்த வருஷம் உங்களுக்குக் கல்யாணம்?" என்று எங்கள் தெருவில் ஒரு ஆச்சியைக் கேட்டேன்.

"வருஷமெல்லாம் யாருப்பா ஞாபகம் வச்சிருக்கா. எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு முன்னப்பின்ன இருக்கும்."

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் ஆச்சி, மொய் எழுதுனப்போ அணாவா, நயா பைசாவா?"

"அட, அதுதான் பெரிய சண்டையாப் போச்சே! ஒருத்தர் எட்டணாங்கிறார், எழுதுறவரு அம்பது பைசான்னு எழுதுறார். அப்பச்சி வந்து, 'எல்லாம் ஒண்ணுதான், எழுதுங்கப்பா'ன்னாங்க."

இரண்டும் கலந்து புழங்கியது 1957ஐ ஒட்டித்தான். ஆச்சியின் வயதுக் கணக்கு ஒத்துவரவில்லை. மொய்ச் சண்டை ஒத்துவந்தது. வயதான கையில் எண் நிற்பதில்லை, சம்பவம் நிற்கிறது. ஆகவே வருஷத்தைக் கேட்பதைவிட, வீட்டுக்கு மின்சாரம் வந்தது முன்னா பின்னா, அரிசிக்கு ரேஷன் இருந்ததா, ஜோடிப்பெண்ணின் தம்பி அப்போது பிறந்துவிட்டானா என்று கேட்டால் விஷயம் வருகிறது. பிறகு மொய் ஏட்டோடு வைத்துப் பார்க்கலாம். மொய் ஏடு இல்லாவிட்டால் இசைகுடிமானம் இருக்கும்; நகரத்தார் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் அந்தத் தாளில் வருஷமும் மாதமும் தேதியும் தப்பாமல் இருக்கும்.

ஆச்சியிடம் கேட்கையில் வீடு கட்டிய கதையும் வந்தது. சுவர்ப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போட்டார்கள், அரைத்த ஆட்களுக்கு என்ன கூலி, முட்டை எந்த ஊரிலிருந்து வந்தது, கடுக்காயும் கருப்பட்டியும் எவ்வளவு என்பது வீடு கட்டிய கணக்கில்தான் இருக்க முடியும். அந்தப் பூச்சுக் கொத்தனார்களும் சுண்ணாம்பு அரைத்த பெண்களும் வேறு எந்த ஏட்டிலும் இல்லை. நாள்கூலிப் பட்டியலில் மட்டும் இருக்கிறார்கள். எனக்குத் தேடவேண்டும் என்று இருக்கும் முதல் ஏடு அதுதான்.

இப்படித் தேடியவர் எங்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாண அழைப்பிதழ், கடிதம் என்று பிறர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஒரு லட்சம் அளவுக்குப் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இந்த நாட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டதால் சென்னையில் 1994இல் அவர் பெயரில் நூலகம் உண்டாயிற்று. ஒரு தனிமனிதர் செய்தது அது. ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்; அவரவர் வீட்டுக் கட்டை அவரவர் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய தாளுக்கு எதிரிகள் மூவர்: கரையான், ராமபாணப் பூச்சி, எடைக்கு வாங்குகிறவர். முதல் இருவரும் மெதுவாகத் தின்பார்கள். மூன்றாமவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். வீட்டைப் பிரிக்கும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறார்கள். கணக்குக் கட்டு பாத்திரத்தைச் சுற்றப் போகிறது. கட்டைப் பிரித்தால் வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தத் தாள் எதற்குள் மடித்து இருந்தது என்பதே ஒரு தகவல். ரப்பர் வளையம் போடாதீர்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. நூலால் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் தரைக்கு மேலே வைத்தால் போதும். படம் எடுக்கும்போது வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயர்த்து எழுதும்போது இருப்பதை இருப்பதுபோல எழுதுங்கள். வாசிக்க முடியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் நான் எனக்கே விதித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கேட்டில் கடன் வாங்கியவர் பெயர் இருக்கும், நகை அடகு வைத்தவர் பெயர் இருக்கும். அவர்கள் பேரன் பேத்திகள் இன்றும் இந்தத் தெருவில் நடக்கிறார்கள். விலையையும் அளவையும் கூலியையும் எழுதுவேன். ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைப் பெயரோடு எழுதமாட்டேன்.

கீழச்சிவல்பட்டியிலும் சுற்றுவட்டத்திலும் வீடு பிரிப்பவர்களுக்கும், பூட்டிய வீட்டை வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வருபவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. எடைக்குப் போடுமுன் கணக்குக் கட்டில் நான்கை எடுத்து வையுங்கள்: வேறு வைத்த கணக்கு, மொய் ஏடு, வீடு கட்டிய கூலிப் பட்டியல், உறையோடு உள்ள கடிதங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம். விஷு மார்கழியைத் தாண்டிய வீட்டுக் கணக்கு யாரிடமாவது இருந்தால், அதை வந்து உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கொடுங்கள். தாள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.